‘வேண்டாம்’ என்ற சொல் எங்கே போய்ச் சேருகிறது?

கைபேசிக்கு வரும் தள்ளுபடி விளம்பரக் குறுஞ்செய்தியின் உச்சியில், அனுப்பியவரின் எண் இருக்க வேண்டிய இடத்தில், `XY-ABCDEF-P` என்ற வடிவில் ஒரு குறியீடு இருக்கும். முதல் எழுத்து எந்தத் தொலைபேசி நிறுவனத்தின் வழியாக வந்தது என்பதையும், இரண்டாவது எந்த வட்டத்திலிருந்து என்பதையும், நடுவிலுள்ள ஆறும் எந்தக் கடை அல்லது வங்கி என்பதையும் சொல்லும். கடைசியில் ஒட்டியிருக்கும் `P` விளம்பரம் என்பதற்கான அடையாளம். சேவைச் செய்திக்கு `S`, பரிவர்த்தனைக்கு `T`, அரசுச் செய்திக்கு `G` என்று பிரித்துக் காட்டும் முறை 2025-இல் நடைமுறைக்கு வந்தது. உலகெங்கும் பின்பற்றப்படும் ஜிஎஸ்எம் தரவிதியில், அனுப்புநர் பெயரை எழுத்தாக எழுத 11 இடங்கள்தான் உண்டு. இடைக்கோடுகளையும் சேர்த்து எண்ணினால் இந்தக் குறியீடு சரியாக 11 இடத்தை நிரப்பிவிடுகிறது. பார்ப்பதற்கு ஒழுங்கான ஏற்பாடு. ஆனால் இந்தக் குறியீட்டுக்குப் பதில் எழுதி அனுப்பினால் அது எங்கும் போகாது. குறுஞ்செய்தி மையம் ஒரு பதிலை எண்ணை வைத்துத்தான் வழிநடத்தும். எழுத்தாலான முகவரிக்குத் திரும்பும் பாதையே வலையமைப்பில் கிடையாது. பல கைபேசிகள் பதில் எழுதும் பெட்டியைக்கூட அங்கே காட்டுவதில்லை. தொல்லை தாங்காமல் ‘வேண்டாம்’ என்று தட்டிவிடுபவரின் சொல்லைக் கேட்க மறுமுனையில் யாரும் இல்லை.

விளம்பரக் குறுஞ்செய்தித் தொல்லைக்குச் சட்டம் போதவில்லை என்று சொல்வது நமக்குப் பழகிவிட்டது. இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் ஓரளவு நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான் உண்மை. ஓட்டை வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. மறுப்பு போய்ச் சேருவதற்கு ஒரு நேரான பாதை இல்லை. போய்ச் சேர்ந்த மறுப்பையும் ஒப்புதலையும் எழுதி வைக்கும் முறை சரியில்லை. இவ்விரண்டும் பொறியியல் வேலைகள், அதிலும் சிறிய வேலைகள். ஒரு சாதாரண ஜவுளிக்கடை செய்யக்கூடியவை. செய்யாமல் விடுவதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எதுவும் ஆராய்ந்து பார்த்தால் நிற்பதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்க வேண்டும். விளம்பரம் வேண்டாம் என்று 1909 என்ற எண்ணுக்கு `START 0` என அனுப்பிப் பதிவு செய்துகொண்டவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அதற்குப் பிறகும் செய்தி வருகிறதே என்று அவர்கள் கேட்பது நியாயம். 2018 ஜூலையில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்ட விதிமுறைகளில் இரண்டு தனித்தனிச் சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று விருப்பப் பதிவு: எல்லா விளம்பரங்களையும், அல்லது வங்கி, மனை, கல்வி, மருத்துவம் போன்ற குறிப்பிட்ட வகைகளை மட்டும் தடுப்பது. மற்றது ஒப்புதல்: குறிப்பிட்ட ஒரு கடைக்கு ‘நீங்கள் அனுப்பலாம்’ என்று தனியாகக் கொடுக்கும் அனுமதி. இவை இரண்டும் மோதினால் ஒப்புதலே வெல்லும். 1909-இல் எல்லாவற்றையும் அடைத்திருந்தாலும், ஒரு கடையின் பில் போடும் இடத்தில் நீங்கள் கையெழுத்திட்ட காகிதத்தில் விளம்பரத்துக்குச் சம்மதம் என்று ஒரு வரி இருந்தால் அந்தக் கடையின் செய்தி வரலாம். கேட்டுத்தான் அனுப்புகிறேன் என்பவரைத் தடுக்கக் கூடாது என்ற அளவில் இந்த ஏற்பாடு சரியே. ஆனால் இதன் முழுப் பாரமும் ஒரு கேள்வியின் மேல் வந்து உட்கார்ந்துவிடுகிறது: ஒப்புதல் உண்மையிலேயே கொடுக்கப்பட்டதா, இன்னும் உயிரோடு இருக்கிறதா?

அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பதிவு இத்தனை ஆண்டுகளும் அனுப்புகிறவர் கையிலேயே இருந்தது. புகார் வந்தால், ‘இவர் சம்மதித்திருக்கிறார்’ என்று ஒரு எக்செல் வரிசையைக் காட்டினால் போதும். கடையிலும் கண்காட்சி அரங்கிலும் காகிதத்தில் வாங்கியதாகச் சொல்லப்படும் ஒப்புதல்களைச் சரிபார்க்க வழியே இல்லை என்பதை டிராய் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. அதனால்தான் 2023 ஜூன் 2 அன்று, ஒப்புதலை மின்னணு முறையில் மட்டுமே வாங்கிப் பதிவு செய்யும் ஒரு பொது ஏற்பாட்டை உருவாக்கும்படி தொலைபேசி நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. 127 என்று தொடங்கும் குறுகிய எண்ணிலிருந்துதான் ஒப்புதல் கேட்கும் செய்தி வர வேண்டும். யார் கேட்கிறார், எதற்காகக் கேட்கிறார் என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். சம்மதித்த பின் வரும் உறுதிச் செய்தியில் அதைத் திரும்பப் பெறும் வழியும் சொல்லப்பட வேண்டும். பழைய வழிகளில் வாங்கிய ஒப்புதல்கள் செல்லாமல் போகும் என்றும் டிராய் அறிவித்தது. நடைமுறைக்கு வருவது மெதுவாகத்தான் நகர்ந்தது. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கியுடன் சேர்ந்து சில வங்கிகளை வைத்து ஒரு முன்னோட்டம் தொடங்கப்பட்டது. பதிவைக் கடைக்காரரின் மேசையிலிருந்து எடுத்து, இரு தரப்பும் பார்க்கக்கூடிய இடத்தில் வைப்பது என்ற திசை சரியானது. அதுவரை கடைக்காரர் தன் பதிவைச் சரியாக வைத்திருக்க வேண்டிய கடமை குறையப் போவதில்லை. பொது ஏற்பாடு முழுதாக வந்த பிறகும் தன் கணக்கு அவருக்கு வேண்டியிருக்கும்.

ஒரு கற்பனைக் கடையை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம். மதுரை–திருச்சி நான்குவழிச் சாலையில் மேலூரைத் தாண்டினால் வரும் ஒன்றியத் தலைமையூர் கொட்டாம்பட்டி. அங்கே ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து வருபவர்கள் துணி எடுக்கிறார்கள், ரவிக்கை தைக்கக் கொடுக்கிறார்கள். 2025 ஆடித் தள்ளுபடியின்போது ஒரு பெண் ஜூலை 18 அன்று தைக்கக் கொடுத்துவிட்டு எண்ணைச் சொல்கிறார். ‘துணி ரெடி’ என்று தகவல் சொல்ல அந்த எண் தேவை. அதற்காகக் கொடுத்த எண் விளம்பரத்துக்கான சம்மதம் ஆகாது. 2025 பிப்ரவரி 12 அன்று வந்த திருத்தம் இதில் கண்டிப்பானது: நடந்துகொண்டிருக்கும் ஒரு பரிவர்த்தனைக்காகக் கொடுத்த ஒப்புதல் ஏழு நாளுக்குத்தான் செல்லும். எனவே தள்ளுபடிச் செய்தி அனுப்ப வேண்டுமென்றால் கடை தனியாகக் கேட்க வேண்டும். அந்தப் பெண்ணும் தனியாகச் சரி என்று சொல்ல வேண்டும். அவர் சொல்கிறார். அக்டோபர் 14 அன்று, தீபாவளிக்கு ஆறு நாள் முன்னால், நான்காவது விளம்பரம் வந்ததும் ‘போதும் சார்’ என்று பதில் எழுதுகிறார். அதே திருத்தத்தின்படி ஒவ்வொரு விளம்பரச் செய்தியிலும் விலகும் வழி இருந்தாக வேண்டும். அதனால் பதில் அனுப்பக்கூடிய ஒரு எண்ணைக் கடை தன் செய்தியின் கடைசியில் போட்டிருக்கிறது. பதில் வந்து சேர்கிறது. இதுவரை எல்லாம் சரி.

இங்கேதான் முதல் சிக்கல். அந்தப் பதிலைப் படிப்பது மனிதர் அல்ல, ஒரு நிரல். பெரும்பாலான நிரல்கள் அமெரிக்கப் பழக்கத்தைப் பார்த்து எழுதப்பட்டவை. அங்கே அனுப்புநர் ஓர் எண்ணாகவே இருப்பதால் பதில் நேராகத் திரும்பிப் போகிறது. `STOP`, `QUIT`, `END`, `CANCEL` போன்ற சொற்கள் வந்ததும் அனுப்பும் தளமே தடையைப் போட்டுவிடுகிறது. அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஏப்ரல் முதல் இன்னும் ஒரு படி மேலே போய், நியாயமான எந்தச் சொல்லில் மறுத்தாலும் அதை மறுப்பாகவே ஏற்க வேண்டும், பத்து வேலை நாளுக்குள் நிறுத்த வேண்டும் என்று விதித்திருக்கிறது. கொட்டாம்பட்டிக்காரர் `QUIT` என்று எழுத மாட்டார். ‘வேண்டாம்’, ‘வேணாம்’, ‘போதும்’, ‘அனுப்பாதீங்க’, ‘நிறுத்துங்க’ என்று எழுதுவார். பாதிப் பேர் இதையே ஆங்கில எழுத்தில் `vendam`, `venam`, `podhum`, `pothum`, `anupathinga` என்று எழுதுவார்கள். `STOP` என்ற ஒரே சொல்லுக்காகக் காத்திருக்கும் நிரலுக்கு இவை எல்லாம் பொருளற்ற எழுத்துக் கூட்டம். அந்தப் பெண்ணைப் பொறுத்தவரை அவர் தெளிவாக மறுத்துவிட்டார். கடையின் கணினியைப் பொறுத்தவரை எதுவுமே நடக்கவில்லை.

தமிழ்ச் சொற்பட்டியலைச் சேர்த்துவிட்டால் போதும் என்று நினைத்தால் அதற்குள்ளும் ஒரு குழி உண்டு. ‘போதும்’ என்ற சொல்லில் உள்ள ‘போ’வை ஒருங்குறியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். எந்த விசைப்பலகைச் செயலி எப்படி அனுப்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர வேண்டும்:

```python
import unicodedata
a = "\u0baa\u0bcb\u0ba4\u0bc1\u0bae\u0bcd"
b = "\u0baa\u0bc7\u0bbe\u0ba4\u0bc1\u0bae\u0bcd"
a == b                                 # False
unicodedata.normalize("NFC", b) == a   # True
```

கடைசி வரி இல்லாத நிரலில், ‘போதும்’ என்று எழுதிய இரண்டு பேரில் ஒருவருக்கு விளம்பரம் நிற்கும், மற்றவருக்கு நிற்காது. ஏன் என்று இருவருக்கும் புரியாது. எழுதிய நிரலாளர் சோதித்துப் பார்த்தபோதும் பிழை தெரிந்திருக்காது. அவர் தன் விசைப்பலகையில் அடித்ததைத் தன் விசைப்பலகையில் அடித்ததோடுதான் ஒப்பிட்டிருப்பார்.

நிரல் தவறாகப் புரிந்துகொண்டால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. ‘நிறுத்த வேண்டாம், அனுப்புங்க’ என்பதில் இரண்டு மறுப்புச் சொற்கள் இருக்கின்றன, ஆனால் மறுப்பு இல்லை. ‘கடை பஸ் ஸ்டாப் பக்கமா?’ என்று ஒருவர் ஆங்கில எழுத்தில் கேட்டால் அதிலும் `stop` இருக்கிறது. இந்தக் கேள்வி சரியானதுதான். இரண்டு வகைத் தவறுகளின் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். தொடர விரும்பியவரைத் தவறாக நிறுத்திவிட்டால் அவருக்கு ஒரு தள்ளுபடிச் செய்தி போகாது. அவர் விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் மீண்டும் சேர்ந்துகொள்ளலாம். விலக விரும்பியவருக்குத் தொடர்ந்து அனுப்பினால் அது அவர் சொல்லை மீறுவது, புகாருக்கும் இடம் கொடுப்பது. ஆகவே தனிச்சொல்லாக வந்தாலும் வாக்கியத்துக்குள் வந்தாலும் மறுப்புச் சொல் இருந்தால் முதலில் நிறுத்திவிட வேண்டும். நீளமான பதில்களையும், பட்டியலில் பொருந்தாத பதில்களையும் கடையில் ஒருவர் அன்றன்றைக்குக் கண்ணால் படித்துச் சரிபார்க்க வேண்டும். கொட்டாம்பட்டி அளவிலான கடைக்கு ஒரு விளம்பரத்துக்குப் பின் வரும் பதில்கள் டீ ஆறுவதற்குள் படித்து முடிக்கக்கூடிய அளவில்தான் இருக்கும். பொருந்தாத பதில்களை நிரல் வீசி எறியாமல் வைத்திருந்தால்தான் இது சாத்தியம். பெரும்பாலான இடங்களில் எறிந்துவிடுகிறார்கள்.

பதில் எழுதும் வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. விலகும் வழியாக ஓர் இணைப்பைக் கொடுப்பது இப்போது பரவலாக இருக்கிறது. தெரியாத இணைப்பைத் தொடாதே என்று வங்கியும் காவல்துறையும் மக்களிடம் நாள்தோறும் சொல்லிவரும் காலத்தில், மறுக்க வேண்டுமானால் இதைத் தொடு என்று சொல்வது எச்சரிக்கையோடு இருப்பவரைத் தண்டிப்பது போலாகும். என் கணிப்பில் நம் ஊருக்குப் பொருத்தமானது மிஸ்டு கால். செலவில்லை, எழுத்தறிவு தேவையில்லை, எழுத்துருச் சிக்கல் இல்லை, அழைத்த எண்ணை வலையமைப்பே சொல்லிவிடும். ஒரு குறை உண்டு: இரட்டைச் சிம் கைபேசியில் செய்தி ஒரு சிம்முக்கு வந்திருக்க, அழைப்பு இன்னொன்றிலிருந்து போய்விடலாம். பட்டியலில் இல்லாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் அதையும் தடைப் பட்டியலில் எழுதிவிட்டு, எந்த எண்ணுக்குச் செய்தி வந்தது என்று கடையிலிருந்து ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

செய்தியின் நீளமும் இதில் வந்து சேர்கிறது. ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடங்கள். தமிழில் 70 மட்டுமே. புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படுவதால், கண்ணுக்கு நான்கு எழுத்தாகத் தெரியும் ‘வேண்டாம்’ எட்டு இடத்தை எடுத்துக்கொள்ளும். 70-ஐத் தாண்டினால் இரண்டு செய்திக்கான காசு. அதனால் விளம்பரத்தைத் தமிழில் எழுதும் கடைகள்கூட விலகும் வரியை மட்டும் ஆங்கிலச் சுருக்கத்தில் கடைசியில் திணித்துவிடுகின்றன. சம்மதம் கேட்கும்போது வீட்டு மொழி, விலகும் வழியைச் சொல்லும்போது வேற்று மொழி. இதில் மிச்சமாகும் சில பைசாவுக்காக மறுப்புரிமையைப் படிக்க முடியாததாக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. விளம்பரத்தில் இரண்டு சொல்லைக் குறைத்தால் தமிழ் வரிக்கு இடம் கிடைத்துவிடும்.

இனி பதிவு. கடையின் கணினியில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ‘சம்மதம்: ஆம் / இல்லை’ என்று ஒரு கட்டம் இருப்பதுதான் வழக்கம். ‘போதும் சார்’ வந்ததும் ‘ஆம்’ என்பது ‘இல்லை’ ஆகிவிடும். இதில் என்ன குறை என்று தோன்றலாம். அந்தப் பெண் இதற்கு முன் எப்போது சம்மதித்தார், எந்த வாசகத்தைப் படித்துச் சம்மதித்தார், எப்போது மறுத்தார் என்ற மூன்றும் அந்த ஒரு மாற்றத்தில் அழிந்துபோகின்றன. அக்டோபர் 10 அன்று போன செய்தி நியாயமானதுதானா என்று நாளை யாராவது கேட்டால் கடையிடம் காட்ட எதுவும் இருக்காது. அடுத்த மாதம் பழைய எக்செல் கோப்பை யாராவது மீண்டும் ஏற்றினால் ‘இல்லை’ என்பது மறுபடி ‘ஆம்’ ஆகிவிடும். நிறுத்தியும் மீண்டும் வருகிறதே என்ற புலம்பலுக்கு மிகப் பெரிய காரணம் இந்த மறு ஏற்றம்தான். பேரேட்டில் எழுதிய கணக்கை நம் கடைக்காரர்கள் அழிப்பதில்லை. தவறானால் கீழே புதிதாக ஒரு வரி எழுதிச் சரிக்கட்டுவார்கள். ஒப்புதலையும் அப்படித்தான் எழுத வேண்டும். நடந்த ஒவ்வொன்றும் நேரத்தோடு ஒரு வரி, எதையும் திருத்துவதில்லை, இப்போதைய நிலை என்ன என்பதைக் கடைசியாக எழுதிய சம்மத வரி அல்லது மறுப்பு வரி சொல்லும்.

```
2025-07-18T11:42:07+05:30 OPT_IN  offers src=form ver=3 lang=ta
2025-10-14T19:05:31+05:30 OPT_OUT offers src=sms  text="போதும் சார்"
2025-10-14T19:05:33+05:30 ACK     offers sent=1
```

இந்த மூன்று வரிகளில் உள்ள ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது. `ver=3` என்பது அந்தப் பெண் படித்த படிவம் மூன்றாவது பதிப்பு என்று சொல்கிறது. அந்தப் பதிப்பின் முழு வாசகத்தையும் கடை தனியாகப் பத்திரப்படுத்தியிருந்தால்தான் இதற்குப் பொருள் உண்டு. எதற்குச் சம்மதித்தார் என்று தெரியாமல் சம்மதித்தார் என்று மட்டும் காட்டுவதில் பயனில்லை. `offers` என்பது எந்த நோக்கத்துக்கு என்பது. தள்ளுபடியை மறுத்தவருக்கும் ‘ரவிக்கை தைத்தாயிற்று’ என்ற தகவல் போக வேண்டும். நோக்கத்தைப் பிரித்து எழுதாத கடையில் ஒன்று எல்லாம் நிற்கும், இல்லையேல் எதுவும் நிற்காது. மறுப்பின் சொற்களை அப்படியே `text` என்ற இடத்தில் வைத்திருப்பது, நிரல் தவறாகப் படித்ததா என்று பின்னால் ஒரு மனிதர் பார்த்துச் சொல்வதற்காக. எண்ணை நாட்டுக் குறியீட்டோடு ஒரே வடிவில் எழுதுவதும் முக்கியம். ஓரிடத்தில் 0 சேர்த்தும், ஓரிடத்தில் +91 சேர்த்தும், ஓரிடத்தில் வெறும் பத்து இலக்கமாகவும் இருந்தால், ஒன்றுக்குப் போட்ட தடை மற்ற இரண்டையும் தடுக்காது.

பதிவு சரியாக இருந்தும் தவறு நிகழும் இடம் ஒன்று உண்டு, அது நேரம். கடை தீபாவளி விளம்பரத்துக்கான எண் பட்டியலை அக்டோபர் 12 அன்றே எடுத்து அனுப்பும் நிறுவனத்திடம் கொடுத்திருக்கும்; செய்தி 15 காலையில் போகும். 14 மாலை வந்த மறுப்பு கடையின் கணினியில் பதிவாகியிருக்கும், ஆனால் ஏற்கெனவே கைமாறிய பட்டியலில் இருக்காது. பட்டியல் எடுக்கும்போது சரிபார்ப்பது போதாது. ஒவ்வொரு செய்தியும் வெளியேறும் நொடியில் சரிபார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒரு மிச்சம் இருக்கிறது. கைபேசி அணைந்திருந்தாலோ மலையடிவாரத்தில் சிக்னல் இல்லாமல் இருந்தாலோ குறுஞ்செய்தி மையம் செய்தியைப் பிடித்து வைத்திருந்து பின்னால் கொடுக்கும். 13 அன்று அனுப்பியது 15 அன்று வந்து விழலாம். வாங்கியவருக்கு அது மறுப்புக்குப் பின் வந்த செய்திதான். விளம்பரச் செய்தியின் செல்லுபடி நேரத்தைச் சில மணி நேரமாகக் குறைத்து அனுப்பச் சொன்னால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடும். அனுப்பிய நேரத்தையும் போய்ச் சேர்ந்த நேரத்தையும் தனித்தனியாக எழுதி வைத்திருந்தால், புகார் வரும்போது எது நடந்தது என்று காட்டவும் முடியும். வாங்கியவர் ஏழு நாளுக்குள் 1909-இலோ டிராயின் செயலியிலோ புகார் செய்யலாம் என்பதால், இந்தக் கேள்வி ஞாபகம் மறையும் முன்பே வந்துவிடும்.

மறுத்தவரிடம் மறுபடி எப்போது கேட்கலாம்? 2025 திருத்தம் 90 நாள் இடைவெளி வைத்திருக்கிறது. அந்தப் பெண் அக்டோபர் 14 அன்று மறுத்தார். 90 நாள் ஜனவரி 12 அன்று முடிகிறது. தீபாவளி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் போய்விடும். பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் கடை மீண்டும் சம்மதம் கேட்கவே முடியும். அவராகவே சேர விரும்பினால் எந்த நாளிலும் சேரலாம். வியாபாரிக்கு இது கடினமாகத் தோன்றும். ஆனால் மறுப்பு வந்த நாளைத் துல்லியமாக எழுதி வைக்காத கடைக்கு இந்த 90 நாளைக் கணக்கிடவே வழியில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஆம் / இல்லை கட்டம் இங்கேயும் கைவிட்டுவிடுகிறது.

சம்மதம் எண்ணுடையதல்ல, ஆளுடையது. ஒருவர் பயன்படுத்தாமல் விட்டு அணைக்கப்பட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனம் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். புதிதாக வாங்கியவர் இந்தக் கடையின் வாசலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். பழையவரின் சம்மதம் அவர் தலையில் விழும். இப்படி அணைக்கப்பட்ட எண்களின் பட்டியல் அரசுத் தரப்பில் தொகுக்கப்படுகிறது. வங்கிகள் அதைப் பார்த்துத் தங்கள் பதிவைச் சுத்தம் செய்யும்படி ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் கேட்டுக்கொண்டது. சிறிய கடை அதைத் தேடிப் போக வேண்டியதில்லை. செய்தி போய்ச் சேரவில்லை என்ற அறிக்கை ஓர் எண்ணுக்கு வாரக்கணக்கில் தொடர்ந்து வந்தால், அந்த எண்ணின் சம்மதம் முடிந்துவிட்டதாகப் புதிய வரி எழுதிவிடலாம்.

மறுப்புக்கு எதிராக வரும் வாதங்களில் கூர்மையானது ஒன்று இருக்கிறது. என் எண்ணை மறந்துவிடு என்று சொன்னவரின் எண்ணையே தடைப் பட்டியலில் நிரந்தரமாக வைத்திருப்பது முரண் அல்லவா? முரண்தான். ஆனால் முற்றிலும் அழித்துவிட்டால், அடுத்த முறை பழைய கோப்பு ஏறும்போது அவரைத் தடுக்க எதுவும் இருக்காது. எண்ணை மறைகுறியாக மாற்றி வைக்கலாம் என்று சொல்வார்கள். நம் கைபேசி எண்கள் 6 முதல் 9 வரையான இலக்கத்தில் தொடங்கும் பத்து இலக்கங்கள். மொத்தம் 400 கோடிதான் சாத்தியம். சாதாரண மறைகுறி முறையில் மாற்றினால், எல்லா எண்களையும் வரிசையாக மாற்றிப் பார்த்து எது எது என்று ஒரே நாளுக்குள் ஒரு கணினி கண்டுபிடித்துவிடும். ரகசியத் திறவுகோல் சேர்த்த மறைகுறி முறைதான் ஓரளவு காக்கும், அந்தத் திறவுகோலை வேறிடத்தில் வைத்திருந்தால். தடைப் பட்டியலில் எண்ணைத் தவிர வேறெதையும் வைக்காமல் இருப்பது அதைவிட முக்கியம். பெயரும் ஊரும் பிறந்த நாளும் அங்கே தேவையில்லை.

மோசடிக்காரர்கள் எந்த விதியையும் மதிப்பதில்லை, நேர்மையான கடைகளை மட்டும் ஏன் வதைக்க வேண்டும் என்பது அடுத்த வாதம். மோசடிக்காரர்கள் பெரும்பாலும் பதிவு பெற்ற குறியீட்டில் வருவதில்லை, சாதாரணப் பத்து இலக்க எண்ணில் வருகிறார்கள் என்பது உண்மை. அவர்களைப் பிடிக்கவே புகார் முறை இருக்கிறது. பத்து நாளுக்குள் ஐந்து புகார் வந்தாலே பதிவு பெறாத அனுப்புநர் மேல் நடவடிக்கை தொடங்கலாம் என்று வரம்பு குறைக்கப்பட்டிருக்கிறது. மக்கள் சலித்துப்போய்ப் புகார் செய்வதையே விட்டுவிட்டால் அந்த வரம்பு ஒருபோதும் எட்டாது. சலிப்பை உண்டாக்குவது யார்? நாள்தோறும் வந்து விழும், நிறுத்தச் சொல்லியும் நிற்காத, உள்ளூர்க் கடைகளின் செய்திகள். மறுத்தால் நிற்கும் என்று பழகிய மக்கள்தான் நிற்காத ஒன்றைப் பார்த்துச் சந்தேகப்படுவார்கள்.

செலவு கட்டுப்படியாகாது என்பது கடைசி வாதம். மேலே சொன்னவற்றில் பணம் கேட்பது எது? ஒரு சொற்பட்டியல், நிரலில் ஒரு வரி, அழிக்காமல் எழுதும் ஒரு கோப்பு, பதில் வாங்க ஓர் எண். ஏற்பாடு வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கும் செலவில்லை. கடைக்காரரும் வேலையாட்களும் தங்கள் சொந்தக் கைபேசியிலிருந்து, வெவ்வேறு விசைப்பலகையில், ‘போதும்’ என்றும் `vendam` என்றும் அனுப்பிவிட்டு மறுநாள் விளம்பரம் வருகிறதா என்று பார்த்தால் போதும். ஆயிரக்கணக்கானோருக்கு அனுப்பும் கடையில் மாதம் முழுவதும் ஒரு மறுப்புகூடப் பதிவாகவில்லை என்றால், எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மறுப்பை வாங்கும் எண் செத்துக் கிடக்கிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

2023-ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த வேலைக்கு ஒரு காலக்கெடுவையும் கொண்டு வந்திருக்கிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அதற்கு ஈடான எளிமையோடு இருக்க வேண்டும் என்கிறது அதன் 6-ஆம் பிரிவு. சம்மதம் பெற்றேன் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு எண்ணை வாங்கி வைத்திருக்கும் கடைக்கே என்றும் அதே பிரிவு சொல்கிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உட்பட எட்டாவது அட்டவணை மொழிகளில் பெறும் வாய்ப்பு வாடிக்கையாளருக்கு இருக்க வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சம்மதம் பற்றிய கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வருகின்றன. அதற்கு முன் கொட்டாம்பட்டிக் கடைக்கு இருப்பது ஒரே ஓர் ஆடித் தள்ளுபடிதான், 2026-இல். அந்தத் தள்ளுபடிக்கு அச்சடிக்கும் படிவத்தின் ஒரு பிரதியைத் தேதி போட்டுக் கோப்பில் வைப்பதிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.